எத்தனை? எங்கே?

2018 செப்டம்பர் 1. ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு ஒரு தங்கம். வாங்கியவர்கள் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. ஓடவில்லை, தாண்டவில்லை, உட்கார்ந்தபடியே வாங்கினார்கள். ஆட்டம், பிரிட்ஜ்.

அன்று ராத்திரி தஞ்சாவூரிலிருந்து ஒரு பால்ய சிநேகிதன் போன் பண்ணினான். “ஏம்ப்பா, சீட்டாடினா தங்கமா? எங்கப்பா பெல்ட்டால அடிச்சாரேப்பா!”

அவன் வருத்தம் நியாயமானது. டெல்டா கிராமங்களில் சீட்டுக் கட்டு என்றால் ரம்மி; ரம்மி என்றால் அடமானம் வைத்த நிலம். அந்த ஊர்களிலேயே அதே 52 சீட்டை வைத்துக்கொண்டு காசே வைக்காமல், மணிக்கணக்கில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நாலு பேர் ஆடுவார்கள். டாக்டர், வக்கீல், ரிடையரான தலைமையாசிரியர், பொதுப்பணித்துறை இன்ஜினியர். அதுதான் பிரிட்ஜ். கும்பகோணத்தில் அப்படி ஒரு கிளப்பில் சில வருஷம் ஆடியிருக்கிறேன். வெற்றிலை சீவலும் காப்பியும் கிளப் செலவு. அவமானம் நம் சொந்தச் செலவு.

புத்தக விமர்சனம், சினிமா விமர்சனம் எல்லாம் எழுதியாகிவிட்டது. இந்த வாரம் ஒரு கேள்வியை விமர்சிக்கப் போகிறேன். உலகத்தில் பிரிட்ஜ் ஆடும் அத்தனை பேரும் கேட்கிற கேள்வி. பெரும்பாலும் தப்பான நேரத்தில் கேட்கிற கேள்வி.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்கு. நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. ஒவ்வொரு சுற்றிலும் நாலு பேரும் ஒவ்வொரு சீட்டுப் போட, ஜெயிப்பவருக்கு அது ஒரு பிடி. மொத்தம் 13 பிடி. ஆடுவதற்கு முன்னால் ஏலம் உண்டு. ‘4 இஸ்பேட்’ என்றால், இஸ்பேட் துருப்பாக இருந்தால் ஆறுக்கு மேல் நாலு, ஆக 10 பிடி எடுக்கிறோம் என்று சவால். 6 என்றால் 12 பிடி. அதற்குப் பெயர் ஸ்லாம். 7 என்றால் பதின்மூன்றும். அது கிராண்ட் ஸ்லாம். துருப்பே வேண்டாம் என்றால் ‘நோ ட்ரம்ப்’.

நம்மூர் ‘இருபத்தெட்டு’ ஆடியவர்களுக்கு ஏலம் புதிதல்ல. நாம் ஏலம் ‘கேட்கிறோம்’. “நீ என்ன கேக்கறே?” “நான் பத்தொன்பது கேக்கறேன்.” மாட்டுச் சந்தையானாலும் சரி, கோயில் குத்தகையானாலும் சரி, தமிழில் ஏலம் என்பது கேட்பதுதான். பிரிட்ஜில் அந்த வார்த்தை கொஞ்சம் ஏமாற்றும். அங்கே ஏலத்தில் முக்கால்வாசி, கேட்பது இல்லை, சொல்வது. பார்ட்னர் கையை நீங்கள் பார்க்க முடியாது, பேசவும் கூடாது. 1 கிளாவரிலிருந்து 7 நோ ட்ரம்ப் வரை மொத்தம் 35 ஏலங்கள்தான் உங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிற பாஷை. அதுவும் ஏறுமுகமாகவே போகவேண்டும். சொன்னதைத் திரும்பி வந்து திருத்த முடியாது.

அடுத்து, ஆறு கேட்பது எப்போது லாபம்? இதற்குக் கணக்கு இருக்கிறது, சுலபமான கணக்குதான். நீங்கள் 4 இஸ்பேட் கேட்டு 12 பிடி எடுத்தால் 480. அதே 12 பிடியை 6 கேட்டு எடுத்தால் 980. ஐந்நூறு லாபம். 11 பிடிதான் வந்ததென்றால், 4 கேட்டவருக்கு 450. 6 கேட்டவருக்கு மைனஸ் 50. ஐந்நூறு நஷ்டம். (‘வல்னரபிள்’ என்ற நிலையில் இரண்டு பக்கமும் 750 ஆகிவிடும், தராசு மாறாது.) ஆக, பாதிக்கு மேல் வாய்ப்பிருந்தால் 6 கேட்கலாம், இல்லாவிட்டால் கூடாது. தைரியத்துக்கும் ஜாதகத்துக்கும் இதில் இடமில்லை.

அந்தப் பாதியை எப்படி அளப்பது என்பதுதான் விஷயம். அதில்தான் நான் விழுந்தேன்.

ஓர் ஐப்பசி ராத்திரி. வெளியே அடைமழை, உள்ளே கரண்ட் இல்லை, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். எதிரே பார்ட்னராக ஓர் இன்ஜினியர். கல்லணை, வெண்ணாறு என்று முப்பது வருஷம் மதகுகளோடு குடித்தனம் நடத்திவிட்டு ரிடையரானவர். அதிகம் பேச மாட்டார். என் கையில் வந்த சீட்டு இது:

இஸ்பேட்: ராஜா, ராணி, ஜாக், 8, 7, 4
ஆட்டின்: 6, 2
டைமன்: ஏஸ், ராஜா, ராணி
கிளாவர்: ராஜா, 5

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று பாயின்ட் போடுவது வழக்கம். கட்டில் மொத்தம் 40. என் கையில் மட்டும் 18. நான் ‘1 இஸ்பேட்’ என்றேன். அவர் ‘3 இஸ்பேட்’ என்றார். எங்கள் கிளப் வழக்கப்படி அதற்கு அர்த்தம்: இஸ்பேட் நாலு சீட்டு இருக்கிறது, கையும் பலமாக இருக்கிறது, நாலுக்குக் கீழே நிற்காதே.

எனக்குக் காது அடைத்தது. ஸ்லாம் வாசனை! உடனே ‘4 நோ ட்ரம்ப்’ என்றேன். இதற்கும் நோ ட்ரம்புக்கும் சம்பந்தமில்லை. “உங்ககிட்ட எத்தனை ஏஸ் இருக்கு?” என்று அர்த்தம். அவர் ‘5 ஆட்டின்’ என்றார். இரண்டு. என்னிடம் ஒன்று, ஆக மூன்று. ஒரே ஓர் ஏஸ்தான் வெளியே. ஒரு பிடி போகும், பன்னிரண்டு வரும். ‘6 இஸ்பேட்’ என்று சொல்லிவிட்டு, யாராவது பாராட்டுகிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன்.

இடது பக்கம் உட்கார்ந்திருந்த வக்கீல் ஆட்டின் ஏஸைப் போட்டார். இன்ஜினியர் தன் சீட்டுகளைப் பரப்பி வைத்தார்:

இஸ்பேட்: ஏஸ், 9, 5, 3
ஆட்டின்: ஜாக், 7
டைமன்: ஜாக், 8, 4
கிளாவர்: ஏஸ், ராணி, ஜாக், 3

இரண்டு ஏஸ், சொன்னபடி. 13 பாயின்ட், அதுவும் சொன்னபடி. வக்கீல் அடுத்து ஆட்டின் ராஜாவைப் போட்டார். முடிந்தது. முதல் இரண்டு சீட்டிலேயே என் ஸ்லாம் செத்துவிட்டது. மிச்சம் பதினொன்றும் என்னுடையதுதான். ஆறு இஸ்பேட், மூன்று டைமன், நாலு கிளாவர் என்று எண்ணினால் மொத்தம் பதின்மூன்று பிடிக்கே என்னிடம் சரக்கு இருந்தது! ஆனால் எதிராளி முந்திக்கொண்டு இரண்டை வாரிக்கொண்டு போய்விட்டார்.

நான் வாயைத் திறந்து, “துரதிர்ஷ்டம் சார்” என்றேன். இன்ஜினியர் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “அதிர்ஷ்டம் எல்லாம் இல்ல தம்பி. எத்தனைன்னு கேட்டீங்க. எங்கேன்னு கேக்கவே இல்லியே.”

இனி விமர்சனம்.

அந்த 4 நோ ட்ரம்ப் கேள்வியைக் கண்டுபிடித்தவர் ஈஸ்லி பிளாக்வுட். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தியோகஸ்தர். 1933-ல் இதை உருவாக்கினார். இன்று உலகத்தின் எந்த மூலையில் பிரிட்ஜ் ஆடினாலும் இது தெரியாதவர் கிடையாது. பதில்கள் சுலபம். 5 கிளாவர் என்றால் ஏஸ் இல்லை, அல்லது நாலும் இருக்கிறது. 5 டைமன் ஒன்று, 5 ஆட்டின் இரண்டு, 5 இஸ்பேட் மூன்று. ஐந்தே நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். அதுதான் அதன் பலம். அதுதான் அதன் சாபமும்.

இன்ஷூரன்ஸ்காரர் கண்டுபிடித்தது என்பதைக் கவனியுங்கள். பிளாக்வுட் என்பது காப்பீடு. ஸ்லாம் நிச்சயம் என்று வேறு வழியில் தெரிந்துகொண்ட பிறகு, “இரண்டு ஏஸ் வெளியே இருந்து தொலைத்துவிடுமோ” என்று சரி பார்த்துக்கொள்ள. மோசமான ஸ்லாமைத் தடுக்க வந்த கருவி அது. நாம் அதை ஸ்லாமைக் கண்டுபிடிக்கிற கருவியாக நினைத்துக்கொள்கிறோம். காரை வாங்கலாமா என்று இன்ஷூரன்ஸ் ஏஜென்டைக் கேட்கிற மாதிரி.

பாயின்ட் கணக்கும் இதே குழியில்தான் தள்ளும். இரண்டு கைக்கும் சேர்த்து 33 பாயின்ட் இருந்தால் ஸ்லாம் கேட்கலாம் என்று எல்லாப் பாலபாடத்திலும் இருக்கும். ஏன் 33? நாற்பதில் மிச்சம் 7. இரண்டு ஏஸ் என்றால் 8 ஆகிவிடும். எனவே எதிராளியிடம் இரண்டு ஏஸ் இருக்க முடியாது. அழகான கணக்கு. ஆனால் ஏஸும் அதே ஜாதி ராஜாவும் எத்தனை? நாலும் மூணும் ஏழு. 33 பாயின்ட் வைத்துக்கொண்டு, முதல் இரண்டு பிடியையும் கோட்டை விடலாம். கணக்கு அதைத் தடுக்கவில்லை.

இன்ஜினியர் இதை எனக்கு விளக்கியது அவர் பாஷையில். “மேட்டூர்ல 120 அடி நிக்குதுன்னு வைங்க. டேம் ஃபுல். அது உங்க பாயின்ட். கல்லணையில பிரிச்சு விட்டாச்சு. அதனால கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேந்துடுமா? நடுவுல ஒரு வாய்க்கால் கரையில நண்டு வளை ஒண்ணு இருந்தாப் போதும். ராத்திரியில உடைச்சுக்கும். டேம்ல எவ்வளவு இருக்குங்கறது ஒரு கேள்வி. கரை எங்க உடைஞ்சிருக்குங்கறது வேற கேள்வி.”

சீட்டில் நாலு கரை. நாலு ஜாதி. ஒவ்வொரு கரையிலும் காவல் வேண்டும். அந்தக் காவலுக்குத்தான் ‘கன்ட்ரோல்’ என்று பெயர். ஒரு ஜாதியில் ஏஸ் இருந்தால், அல்லது அந்த ஜாதிச் சீட்டே இல்லாமல் துருப்பால் வெட்ட முடிந்தால், அது முதல் சுற்றுக் காவல். எதிராளியால் அதில் முதல் சுற்றிலேயே பிடி எடுக்க முடியாது. ராஜாவோ, ஒற்றைச் சீட்டோ இருந்தால் இரண்டாம் சுற்றுக் காவல். ஒன்று போகலாம், இரண்டு போகாது. ஸ்லாமில் ஒன்று போகலாம் என்பதால், நாலு ஜாதியிலும் குறைந்தபட்சம் இரண்டாம் சுற்றுக் காவலாவது இருக்கவேண்டும்.

இதை எண்ணவும் ஒரு முறை உண்டு. ஏஸுக்கு 2, ராஜாவுக்கு 1. ராணியும் ஜாக்கும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கட்டில் மொத்தம் 12 கன்ட்ரோல். பத்து இருந்தால் ஸ்லாமுக்கு நிம்மதி. வெளியே இருப்பது ஓர் ஏஸ், அல்லது இரண்டு ராஜாக்கள். ஒன்பது என்றால் எச்சரிக்கை மணி. ஏஸும் ஒரு ராஜாவும் வெளியே இருக்கலாம். வேறு வேறு ஜாதியில் என்றால் பிழைக்கலாம், ஒரே ஜாதியில் என்றால் வக்கீல் வாரிக்கொண்டு போவார். என் கையில் இஸ்பேட் ராஜா 1, டைமன் ஏஸும் ராஜாவும் 3, கிளாவர் ராஜா 1. ஆக 5. இன்ஜினியரிடம் இரண்டு ஏஸ், 4. மொத்தம் ஒன்பது. 31 பாயின்ட் என்று நான் பூரித்த இடத்தில் மணி அடித்திருக்க வேண்டும்.

சரி, ‘எங்கே’ என்று எப்படிக் கேட்பது? கேட்கக் கூடாது, சொல்லவேண்டும். அதற்குப் பெயர் ‘க்யூ பிட்’. துருப்பு இஸ்பேட் என்று முடிவான பிறகு, வேறு ஜாதியின் பெயரைச் சொன்னால், “இந்த ஜாதியில் எனக்குக் காவல் இருக்கிறது” என்று அர்த்தம். கீழிருந்து வரிசையாகச் சொல்லவேண்டும்: கிளாவர், டைமன், ஆட்டின். ஒன்றைத் தாண்டிப் போனால் அதில் காவல் இல்லை என்று ஒப்புக்கொள்வதாகும்.

அந்த ராத்திரியைத் திரும்ப ஆடிப் பார்ப்போம். நான் 1 இஸ்பேட், அவர் 3 இஸ்பேட். இப்போது அவசரப்படாமல் நான் ‘4 கிளாவர்’ என்கிறேன். கிளாவரில் ராஜா இருக்கிறது. அவர் கையைப் பார்க்கிறார். டைமனில் ஜாக்தான், காவல் இல்லை. ஆட்டினிலும் ஜாக்தான், காவல் இல்லை. எனவே ‘4 இஸ்பேட்’ என்று துருப்புக்குத் திரும்பிவிடுகிறார். டைமனைத் தாண்டினார், கவலையில்லை, அது என்னிடம் இருக்கிறது. ஆட்டினையும் தாண்டினார். என் கையில் ஆட்டின் 6, 2. இரண்டு பேரிடமும் காவல் இல்லை. கரை உடைந்திருக்கிறது. பாஸ். பதினொரு பிடி, 450, காப்பி. ஒரே ஒரு ஏலம் கூடுதலாகப் பேசியிருந்தால் கிடைத்திருக்கிற தகவல் இது. நான் 4 நோ ட்ரம்ப் என்று தாவியபோது அந்த இடத்தை மிதித்துத் தாண்டிவிட்டேன்.

இப்போது இன்ஜினியர் கையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுக்கிறேன்:

இஸ்பேட்: ஏஸ், 9, 5, 3
ஆட்டின்: 7
டைமன்: ஜாக், 8, 4, 2
கிளாவர்: ஏஸ், ராணி, 6, 3

பாயின்ட் 13-லிருந்து 11-க்கு இறங்கிவிட்டது. ஏஸ் அதே இரண்டு. பிளாக்வுட் கேட்டால் அதே ‘5 ஆட்டின்’தான் பதில் வரும். ஆனால் இந்தக் கையில் ஸ்லாம் இருக்கிறது. ஆட்டினில் ஒரு பிடி போகும். அடுத்த ஆட்டினை டம்மியில் துருப்பால் வெட்டலாம். இஸ்பேட் ஆறு, அந்த வெட்டு ஒன்று, டைமன் மூன்று, கிளாவரில் ராஜாவும் ஏஸும் இரண்டு. எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு. ராணி தேவையே இல்லை. 31 பாயின்ட்டில் செத்த ஸ்லாம் 29-ல் பிழைக்கிறது.

ஏலமும் வேறு மாதிரி போகும். நான் 4 கிளாவர். அவர் டைமனைத் தாண்டி ‘4 ஆட்டின்’ என்பார். ஒற்றைச் சீட்டுக் காவல். நாலு கரையும் மூடியாச்சு. இப்போது, இப்போதுதான், நான் 4 நோ ட்ரம்ப் கேட்கலாம். இரண்டு ஏஸ் வெளியே இல்லை என்று உறுதி செய்துகொள்ள. அவர் இரண்டு என்பார், நான் 6 இஸ்பேட் என்பேன். ‘எங்கே’ முதலில், ‘எத்தனை’ அப்புறம். பிளாக்வுட்டுக்கு வேலை இருக்கிறது. அது கடைசி வேலை.

எனவே என் விமர்சனம் இதுதான். கேள்வியில் தப்பில்லை, பதிலை வைத்து முடிவெடுக்க முடிகிற கையிலிருந்து மட்டும் கேட்கவேண்டும். இரண்டு மட்டச் சீட்டு வைத்திருக்கிற ஜாதி கையில் இருந்தால், அதில் பார்ட்னர் காவல் காட்டும்வரை கேட்காதே. ஒரு ஜாதியே கையில் இல்லாதபோதும் கேட்காதே. பார்ட்னர் ‘ஒன்று’ என்றால், அந்த ஏஸ் உனக்குத் தேவையான ஜாதியிலா, அல்லது நீ எப்படியும் வெட்டப்போகிற ஜாதியிலா? பதிலில் அது இருக்காது. திரும்பவும் அதே குறைதான்.

பிளாக்வுட்டின் இன்னொரு குறை, எல்லா ராஜாவையும் சமமாக நினைப்பது. துருப்பு ராஜா மற்ற ராஜா மாதிரி இல்லை. அது எதிராளியிடம் இருந்தால் எதனாலும் வெட்ட முடியாது. இதற்குப் பேர்போன உதாரணம் 1975-ல், பெர்முடாவில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும். முடிய இன்னும் சில ஆட்டங்களே பாக்கி. உலகத்தின் தலைசிறந்த ஜோடி என்று பெயரெடுத்த பெலடோனாவும் கரோட்ஸோவும் ஏலத்தில் குழம்பி 7 கிளாவரில் போய் நின்றார்கள். பதின்மூன்று பிடி எடுத்தாகவேண்டும், துருப்பு ராஜாவோ எதிராளி கான்ட்டரின் கையில்! நல்லவேளை, ராஜாவோடு 10 மட்டும் இருந்தது, இரண்டே சீட்டு. உட்கார்ந்திருந்ததும் ஏஸ், ராணிக்கு முன்னால். பிடிபட்டுவிட்டது. கிராண்ட் ஸ்லாம். இன்னொரு மேஜையில் அமெரிக்கர்கள் அதே சீட்டில் 6 நோ ட்ரம்ப்பில் ஒழுங்காக நின்று ஜெயித்திருந்தார்கள். ஒழுங்காக நின்றதற்குத் தண்டனை. அந்த ராஜா பக்கம் மாறி உட்கார்ந்திருந்தால் கோப்பையே கை மாறியிருக்கும் என்று இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

இந்தக் குறைக்கு மருந்தாக வந்ததுதான் இப்போது பெரும்பாலானவர்கள் ஆடும் ‘கீ கார்டு’ முறை. அதே 4 நோ ட்ரம்ப்தான். ஆனால் துருப்பு ராஜாவை ஐந்தாவது ஏஸாக எண்ணுகிறார்கள். ஐந்தில் இரண்டு வெளியே இருந்தால் ஐந்திலேயே நில். ஒன்றுதான் வெளியே என்றால் ஆறு கேள். என் இரண்டாவது கையில் என்னிடம் டைமன் ஏஸ், துருப்பு ராஜா. பார்ட்னரிடம் இரண்டு ஏஸ். ஐந்தில் நாலு. ஆறு கேட்கலாம். துருப்பு ராணி இருக்கிறதா இல்லையா என்பதையும் இந்த முறையின் பதில்கள் சொல்லிவிடும். நல்ல திருத்தம். ஆனாலும் இது ‘எத்தனை’க்குச் செய்த திருத்தம்தான். என் முதல் கையில் கீ கார்டு கேட்டாலும் ஐந்தில் நாலு என்றுதான் வந்திருக்கும். வக்கீலும் அதே இரண்டு சீட்டைப் போட்டிருப்பார்.

அடுத்தது ராஜாக்கள். 4 நோ ட்ரம்ப்புக்குப் பதில் வந்த பிறகு ‘5 நோ ட்ரம்ப்’ என்றால் “எத்தனை ராஜா?” என்று கேள்வி. இதை எங்கள் கிளப்பில் ஒரு டாக்டர் தவறாமல் கேட்பார். ஏன் என்று கேட்டால், “தெரிஞ்சு வச்சுக்கறது நல்லதுதானே!” எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிடுகிற பழக்கம். ஆனால் 5 நோ ட்ரம்ப் வெறும் கேள்வி இல்லை. அதற்குள் ஓர் அறிக்கை ஒளிந்திருக்கிறது: “ஏஸ் எல்லாம் நம்மிடமே இருக்கிறது, ஏழு கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.” ஒரு நாள் டாக்டர் ஓர் ஏஸ் குறைவாக வைத்துக்கொண்டு இதைக் கேட்டார். எதிரே தலைமையாசிரியர், கையில் ஏழு டைமன், வரிசையாக ஓடுகிற டைமன். ‘எல்லா ஏஸும் இருக்கிறதா, அப்படியானால் பதின்மூன்று நிச்சயம்’ என்று பதில் சொல்லாமல் நேராக ஏழுக்குத் தாவிவிட்டார். அவர் செய்தது சரி. எதிராளி ஏஸைப் போட்டதும் மேஜையில் விழுந்த மௌனத்தைப் பெட்ரோமாக்ஸ் இரைச்சல் ரொப்பியது. அதற்கப்புறம் ஒரு மாசம் தலைமையாசிரியர் அந்த டாக்டரிடம் மருந்துகூட வாங்கவில்லை.

ஆக, ராஜாவைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் நிச்சயமாக இருக்கவேண்டும். ஏஸ் அத்தனையும் நம்மிடம்; பதில் வந்தால் ஏழு கேட்கிற உத்தேசம். ஆறில்தான் நிற்கப்போகிறோம் என்றால் ராஜாவைக் கேட்பது வெறும் வம்பு.

இவ்வளவு சொன்னதால் க்யூ பிட் கங்கா தீர்த்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கும் விலை உண்டு. நீங்கள் பார்ட்னரிடம் சொல்வதை எதிராளியும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ராத்திரி நான் 4 கிளாவர் சொல்லி, அவர் 4 இஸ்பேட் சொல்லியிருந்தால், எங்கள் ஓட்டை டைமனிலோ ஆட்டினிலோதான் என்று வக்கீலுக்கும் தெரிந்திருக்கும். நாலில் நின்றதால் பரவாயில்லை. ஆறு வரை போகிற கையில், எதைப் போட்டு ஆரம்பிக்கவேண்டும் என்று எதிராளிக்கு நாமே பாடம் நடத்திவிட்ட மாதிரி ஆகும். ஒன்றும் சொல்லாமல் நேராக 6 கேட்டு, எதிராளி தப்பான ஜாதியைப் போட, பதின்மூன்றும் எடுத்து மீசை முறுக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வக்கீல் அன்று டைமனைப் போட்டிருந்தால் நானே முறுக்கியிருப்பேன். ஆனால் ஏஸும் ராஜாவும் கையில் வைத்திருக்கிற வக்கீல் வேறு எதையும் போட மாட்டார். நாலு கரையும் மூடியிருக்கிறது என்று தெரிந்தவுடன் பேச்சை நிறுத்துவதும் கலையில் சேர்த்தி.

ஆட்டம் முடிந்து கிளம்பும்போது மழை விட்டிருந்தது. இன்ஜினியரை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் என் மனசு அந்த ஆட்டின் 6, 2 மேலேயே இருந்தது. மூன்று தெரு தாண்டியதும் தாங்காமல் கேட்டேன், “ஏன் சார், இவ்வளவு தெரிஞ்ச நீங்க, நான் 6 கேட்டப்பவே ஏதாவது பண்ணியிருக்கக் கூடாதா?”

“நான் என்ன பண்ண முடியும்? நீங்க எத்தனைன்னு கேட்டீங்க, நான் ரெண்டுன்னு சொன்னேன். ஆட்டின் உங்ககிட்ட இருக்கும்னு நான் நெனச்சேன். என்கிட்ட இருக்கும்னு நீங்க நெனச்சீங்க.”

வாசலில் இறங்கிக்கொண்டார். கதவைத் திறந்தபடி மாமி கேட்டாள்: “குடை எங்கே?”

கிளப்பில் குடைகள் இரண்டு இருந்தன. எத்தனை என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.